ஒரே குழந்தைக்கு மூன்று ஜோடிக் கொலுசு

என் அண்ணன் மகளின் காதுகுத்தில் தாய்மாமன் சீர்த் தட்டில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு இருந்தது. எங்கள் பெரியம்மா நீட்டிய டப்பாவிலும் கொலுசு. சித்தப்பா கொண்டுவந்ததும் அதுவே. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், கால் வளரும்போது மூன்றும் ஒன்றாகவே போடமுடியாமல் போய்விடும். கடையில் திருப்பிக் கொடுத்தால் வெள்ளிக்குத்தான் விலை கிடைக்கும். செய்கூலியும் ஜிஎஸ்டியும் போனது போனதுதான்.

இத்தனைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டிருந்தோம். தவறே அங்கேதான். "பட்டியலை நகலெடுத்து, உங்கள் பெயரைச் சேர்த்துத் திரும்பப் போடுங்கள்" என்று சொல்லியிருந்தோம். பெரியம்மா கொலுசுக்கு நேராகத் தன் பெயரை எழுதினார். அதே நேரத்தில் பழைய பட்டியலை நகலெடுத்து வைத்திருந்த இன்னொருவர், கவுனுக்குத் தன் பெயரைச் சேர்த்து அடுத்துப் போட்டார். அதில் பெரியம்மாவின் பெயர் இல்லை. மறுநாள் சித்தப்பா பார்த்தது அந்தக் கடைசிப் பட்டியலைத்தான். தாய்மாமனோ அந்தக் குழுவிலேயே இல்லை; அது எங்கள் பக்கத்துக் குழு.

ஆகவே பட்டியல் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் அவரிடம் தொலைபேசியில் சொன்னால் போதும். அந்தப் பொறுப்பைக் குழந்தையின் அம்மாவிடம் கொடுக்காதீர்கள். "என்ன வாங்கித் தருகிறீர்கள்?" என்று அவர் வாயால் கேட்க வைப்பது பெரிய சங்கடம். இரு வீட்டாரிடமும் உரிமையோடு பேசக்கூடிய ஓர் அத்தையோ சித்தியோ பொருத்தம்.

யாரை முதலில் கேட்பது என்பதிலும் தவறு நேர்கிறது. சீர் தாய்மாமனின் உரிமை. அவர் என்ன வைக்கப்போகிறார் என்று தெரிந்த பிறகே மற்றவர்களுக்குப் பட்டியல் போடவேண்டும். பிறகு கேட்டால் அவர் மனம் வருந்தும். அடுத்து தாத்தா, பாட்டி. அவர்களிடம் "என்ன வாங்கப் போகிறீர்கள்?" என்று கேட்பதைவிட "ஏற்கெனவே என்ன வாங்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பல பாட்டிகளின் பீரோவில் மாதக்கணக்காகப் பரிசு காத்திருக்கும்.

"விளையாட்டுப் பொருள்" என்று பொதுவாகக் குறித்துக்கொள்வதும் ஆபத்து. இருவர் அப்படிச் சொல்லிவிட்டு ஒரே மாதிரி மூன்று சக்கர சைக்கிளோடு வந்து நிற்பார்கள். பொருளின் பெயரையே எழுதுங்கள். உடுப்பு என்றால் வயதளவையும் எழுதுங்கள்: ஒருவர் இப்போது போட, மற்றவர் அடுத்த வருடத்துக்கு என்று வாங்கினால் இரண்டும் பயன்படும். கடைக்குப் போன இடத்தில் மனம் மாறினால், பில் போடுவதற்கு முன் பட்டியல் வைத்திருப்பவருக்கு ஒரு போன் செய்யவேண்டும். எங்கள் சித்தப்பா அன்று அப்படிச் செய்ய நினைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. பெரியம்மாவின் பெயரோடு பட்டியலை வைத்திருக்க எங்களில் ஒருவர்கூட இல்லை.