டெங்குவா, பாக்டீரியாவா? வெறும் காய்ச்சலில் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

சளி இல்லை, இருமல் இல்லை, சிறுநீர் எரிச்சலும் இல்லை. காய்ச்சல் மட்டும் விடாமல் அடிக்கிறது. மழைக்காலம் முடியும்போது வேலூர்ப் பக்கம் எங்கள் சித்திக்கு இப்படித்தான் வந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

1. நாளைக் குறியுங்கள். காய்ச்சல் தொடங்கியதுதான் முதல் நாள். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் நம்பகமானது. அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை பார்க்க வேண்டும். தொட்டுப் பார்ப்பதை நம்பாமல் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

2. டெங்கு என்றால் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். அது வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், பிளேட்லெட் எனும் தட்டணுவை ஏற்றாது. டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் இறங்கும் சமயத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதுதான். அதனால் தேவைப்படுவது கஞ்சி, ஓ.ஆர்.எஸ். போன்ற நீராகாரம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே மருத்துவமனைதான்.

3. உடம்பு முழுக்கத் தேடுங்கள். எங்களைத் தடுக்கி விட்டது இந்த இடம்தான். சித்திக்குத் தட்டணு குறைந்திருந்தது. அதனால் எல்லோரும் டெங்கு என்றே பேசினார்கள். ஆனால் என்.எஸ்.1 நெகட்டிவ், ஏழு நாள் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை. டெங்கு காய்ச்சல் பெரும்பாலும் ஏழு நாளுக்குள் அடங்கிவிடும். தட்டணு ஸ்க்ரப் டைஃபஸிலும் குறையும். புல், புதர்களில் இருக்கும் பூச்சியின் குஞ்சு கடித்து வரும் பாக்டீரியா நோய் அது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகலாம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, மார்பின் கீழ், காதின் பின்புறம் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். சித்திக்குப் புடவைக் கட்டின் கீழே இருந்தது. வயலில் களை பறித்ததையும் மருத்துவரிடம் சொன்னோம். அவர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

பொருக்கு இல்லை என்றால் ஸ்க்ரப் டைஃபஸ் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பலருக்கு அது இருக்காது. ரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும்.

கெண்டைக்கால் வலி, சிவந்த கண், மஞ்சள் காமாலை, கூடவே தேங்கிய நீரில் நடந்த கதையும் இருந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகியுங்கள்.

பின்சேர்க்கை: "வைடால் பாசிட்டிவ், டைபாய்டு மாத்திரை தொடங்கலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வைடால் என்பது டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை. ஒரே ஒரு வைடால் முடிவை வைத்து டைபாய்டு என்று சொல்ல முடியாது, பழைய தொற்றிலும் அப்படிக் காட்டும். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர்தான் என் தேர்வு. அதையும் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போகும் முன் எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம்.