போட்டோவில் பார்த்த பிரம்பு நாற்காலி யாருடையது? டெல்லியில் அதே மாதிரி வாங்குவது எப்படி?

மயூர் விஹாரில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு கஃபேயில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, இந்த நாற்காலிக்கு என்ன பேரு? டைனிங் டேபிளுக்கு நாலு வேணும்" என்று கேட்டாள். தேக்கு நிறச் சட்டம், பிரம்புப் பின்னல், விரிந்து நிற்கும் கால்கள். டெல்லியில் இப்போது எங்கு போனாலும் கண்ணில் படும் வகைதான். அவளுக்கு எப்படிக் கண்டுபிடித்துக் கொடுத்தேனோ அதையே வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் போட்டோவில் இருப்பது வேறு நாற்காலியாக இருந்தாலும் பார்க்கும் முறை இதேதான்.

படி 1: நல்ல போட்டோவைக் கேட்டு வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பிரம்புக் கண்களும் சட்டத்தின் இணைப்புகளும் கலங்கிப் போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மூன்று கோணம் தேவை: நேர் பக்கவாட்டு, பின்பக்கம், இருக்கையின் அடிப்பக்கம். முன்பக்கத்திலிருந்து மட்டும் எடுத்தால் பத்து விதமான பிரம்பு நாற்காலிகள் ஒன்றுபோலவே தெரியும். நாற்காலியின் குணம் பக்கவாட்டில்தான் இருக்கிறது.

படி 2: பிரம்பை மறந்துவிட்டுக் காலைப் பாருங்கள்

புதிதாகத் தேடுகிறவர்கள் பிரம்பைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். பிரம்பு எல்லாக் காலத்திலும் எல்லா நாற்காலியிலும் உண்டு. வளைத்த எஃகுக் குழாயில் பிரம்பு இருந்தால், அது மார்செல் பிராயர் 1928-ல் வடிவமைத்த, பின்னால் 'செஸ்கா' என்று பெயர் பெற்ற வகை. மரமே உருண்டையாக வளைந்து முதுகாக மாறியிருந்தால், வியன்னாவின் தோனெட் கம்பெனி 1859-ல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியின் வம்சம். கைப்பிடி நீண்டு காலையே தூக்கி வைக்கிற அளவுக்கு இருந்தால், நம் தாத்தா வீட்டுத் தாழ்வார ஈஸிசேர்.

சித்தி மகள் அனுப்பியது இவை எதுவும் இல்லை. முன்காலும் பின்காலும் கைப்பிடிக்குக் கீழே ஒன்றாகச் சேர்ந்து, கீழே வரவர விரிகின்றன. குறுக்கே இருக்கைச் சட்டம் போவதால் பக்கவாட்டில் A என்ற எழுத்து தெரிகிறது. கால் உருண்டையாக இல்லை, பட்டையாக இருக்கிறது. தரையை நெருங்கும்போது மெலிகிறது. இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே வெற்றிடம். இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் அது சண்டிகர் நாற்காலி.

சரிபார்க்க, படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு, நாற்காலியை மட்டும் சட்டகத்துக்குள் வருமாறு சுருக்குங்கள். மேஜை, செடி எல்லாம் உள்ளே இருந்தால் கஃபே அலங்காரப் படங்களாகத்தான் வரும். பிறகு, இந்த வடிவத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பியர் ஜான்னரேயின் பெயரை வைத்து இப்படித் தட்டித் தேடுங்கள்:

```
Pierre Jeanneret office cane chair side view
```

ஏல நிறுவனங்களின் பக்கங்கள் வரும். கடைக்காரர்களின் படங்களை விட்டுவிட்டு அவற்றைத் திறங்கள். பல கோணங்களில் பெரிய படங்களும் அளவுகளும் அங்கேதான் கிடைக்கும். `PJ-SI` என்று தொடங்கும் எண்கள் கண்ணில் படும். அவை பழைய நாற்காலிகளை வகைப்படுத்தப் பின்னாளில் வைத்தவை. நாற்காலியின் மேல் அந்த எண் பொறித்திருக்காது.

படி 3: "யார் செய்தது?"

சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்டவர் லெ கொர்பூசியே. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே 1951-லிருந்து 1965 வரை அங்கேயே தங்கி வேலை செய்தார். புதிய தலைநகரத்தின் செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் மேஜை நாற்காலி தேவைப்பட்டது. ஜான்னரேயின் மேற்பார்வையில் உருவான வடிவங்கள்தான் இவை. அந்தக் குழுவில் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களுக்கும் பங்கு உண்டு. விற்பனையில் ஜான்னரே பெயர் மட்டும் ஒலிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வடிவம் கொடுத்தவர் வேறு, செய்தவர் வேறு. இவற்றைச் செய்தது ஒரே தொழிற்சாலை அல்ல. வரைபடத்தை வைத்துக்கொண்டு பல பட்டறைகளில் உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். அதனால் ஒரே வகை நாற்காலிகளுக்குள்ளேயே காலின் தடிமனும் கைப்பிடியின் வளைவும் கொஞ்சம் மாறும். கம்பெனி முத்திரையைத் தேடாதீர்கள். பழைய நாற்காலிகளில் இருப்பது, எந்த அலுவலகத்துச் சொத்து என்று பெயின்ட்டில் எழுதிய எழுத்தும் எண்ணும்தான்.

அந்த எழுத்து இருந்தாலே அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புதிய நாற்காலியில் அலங்காரமாகவே அதை எழுதி விற்கிறார்கள். கஃபே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பின்னால் தெரிந்த எல்லா நாற்காலிகளிலும் ஒரே நிறம், ஒரே பளபளப்பு, ஒரே இடத்தில் அச்சடித்த மாதிரி வெள்ளை எண். நாற்பது, ஐம்பது வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தது அப்படி இருக்காது. கைப்பிடி முனை தேய்ந்திருக்கும், கால் அடி கறுத்திருக்கும், ஒன்றுக்கொன்று நிறம் மாறும். ஆக அவை மறுபிரதிகள்.

மறுபிரதி வாங்குவதில் தவறில்லை. பதிவு செய்யாத ஒரு பொருளின் வடிவத்தை ஐம்பதுக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்துவிட்டால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த வடிவத்தின் மீதான பதிப்புரிமை நீங்கிவிடும். அசல் என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. "சண்டிகரிலிருந்து வந்த அசல்" என்று யாராவது குறைந்த விலை சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள். அந்த நகரத்துப் பாரம்பரிய மரச்சாமான்களின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் எதிராக மத்திய உள்துறை அமைச்சகம் 2011-லேயே உத்தரவு போட்டது. அங்குள்ள அரசு நிறுவனங்களிலிருந்து திருட்டும் போயிருக்கிறது.

படி 4: படத்திலிருந்தே அளவு எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். உட்கார்ந்து எழுதவோ சாப்பிடவோ உள்ள நாற்காலியின் இருக்கை பெரும்பாலும் தரையிலிருந்து 43 முதல் 46 செ.மீ. உயரத்தில் இருக்கும். நேர் பக்கவாட்டுப் படத்தைத் திரையில் வைத்து ஸ்கேலால் அளந்தோம்: தரையிலிருந்து இருக்கை வரை 4 செ.மீ., கைப்பிடியின் மேல்பக்கம் வரை 6.1 செ.மீ. இருக்கை 44 என்று வைத்தால் கைப்பிடி 44 × 6.1 ÷ 4, அதாவது சுமார் 67 செ.மீ. தரையில் இரண்டடி டைல் தெரிந்தால் அதன் பக்கம் 60 செ.மீ.; கால்களின் விரிவை அதோடு ஒப்பிடலாம். சாய்ந்து எடுத்த படத்தில் இந்தக் கணக்கு உதவாது.

சித்தி மகளின் டைனிங் டேபிள் 75 செ.மீ. உயரம். பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டம் ஓடுவதால் கீழே காலியாக இருப்பது 64 செ.மீ. மட்டுமே. 67 செ.மீ. கைப்பிடி உள்ளே நுழையாது. நான்கு நாற்காலியும் சாப்பாட்டு அறையில் வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். அதனால் டேபிளுக்குக் கைப்பிடி இல்லாத பிரம்பு நாற்காலி நான்கு, பால்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க A கால் நாற்காலி ஒன்று என்று மாற்றிக்கொண்டோம். செலவும் குறைந்தது.

படி 5: டெல்லியில் எங்கே, எப்படிக் கேட்பது

பெயர் பெற்ற நிறுவனங்களின் மறுபதிப்பும் உண்டு. இத்தாலியின் கசீனா இந்த வடிவங்களைச் செய்கிறது, பெங்களூரில் ஃபாண்டம் ஹாண்ட்ஸ் செய்கிறது. வேலை அருமை, விலை நம் கணக்குக்கு மேலே. நமக்கு கீர்த்தி நகரும் லாஜ்பத் நகரை ஒட்டிய அமர் காலனியும் போதும். அமர் காலனியில் பழையதும் புதியதும் கலந்து கிடைக்கும். கீர்த்தி நகரில் மரக்கடையும் பட்டறையும் பக்கத்திலேயே இருப்பதால் செய்யச் சொல்வதற்கு அதுதான் வசதி.

விலை நியாயமா என்று பார்க்க மரக் கணக்குப் போடுங்கள். நான்கு கால், இரண்டு கைப்பிடி, இருக்கைச் சட்டம், முதுகுச் சட்டம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ அரை கனஅடி. சாய்வாக வெட்டுவதால் கழிவு அதிகம். முக்காலிலிருந்து ஒரு கனஅடி வரை வாங்க வேண்டியிருக்கும். மரக்கடையில் அன்றைய தேக்கு விலையை ஒரு கனஅடிக்குக் கேளுங்கள், ஷீஷம் விலையையும் கேளுங்கள். அதோடு தச்சுக் கூலி, பிரம்புக் கூலி, பாலிஷ். முழு நாற்காலியையே மரத்தின் விலைக்குக் கீழே கொடுக்கிறேன் என்றால் அது தேக்கு இல்லை. வேறு மரத்துக்குத் தேக்கு நிறம் ஏற்றியிருக்கிறார்கள். கவிழ்த்துப் பாருங்கள், பாலிஷ் படாத அடிப்பக்கம் உண்மையைச் சொல்லிவிடும்.

தேக்கு என்று தமிழில் யோசித்துக்கொண்டு போனால் கடையில் 'சாக்வான்' என்பார்கள். பிரம்பு வேலை வேண்டும் என்றால் 'பேந்த் கீ புனாயி' என்று கேளுங்கள்.

பிரம்பில் இரண்டு விதம். சட்டத்தின் ஓரமாக வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளும் பிரம்பைக் கோத்துக் கையால் பின்னுவது ஒன்று. ரோலாக வரும் பின்னிய பிரம்பைச் சட்டத்தின் காடிக்குள் அழுத்தி, மேலே ஒரு பிரம்புக் கீற்றை ஒட்டி மூடுவது இன்னொன்று. அடிப்பக்கத்தில் துளைகள் தெரிகின்றனவா என்று பார்த்தால் போதும். ரோல் பிரம்பு மலிவு. ஓரிடத்தில் கிழிந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் பிரம்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பாக இருக்கும். உண்மையான பிரம்பின் அடிப்பக்கம் சொரசொரப்பாக, நார் தெரியும்படி இருக்கும்.

பட்ஜெட் இன்னும் குறைவாக இருந்தால் பிரம்பை விட்டுவிட்டு, அதே A கால் சட்டத்தில் கட்டிலுக்குப் பின்னும் பருத்தி நவார் நாடாவைப் பின்னச் சொல்லுங்கள். மரத்தில் மிச்சம் பிடிப்பதைவிட இது நல்ல வழி. கால் மெல்லியதாகிவிட்டால் அந்த நாற்காலியின் அழகும் போகும், உறுதியும் போகும்.

படி 6: பணம் கொடுப்பதற்கு முன்

கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். காலும் கைப்பிடியும் சேரும் உச்சிதான் இந்த வடிவத்தில் பாரம் தாங்கும் இடம். அங்கே கீச்சென்று சத்தம் வந்தாலோ, மூட்டில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்த கோடு தெரிந்தாலோ வேண்டாம். ஆர்டர் கொடுப்பதானால் மரம், இருக்கை உயரம், கைப்பிடி உயரம், கையால் பின்னிய பிரம்பா என்பது எல்லாவற்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்தபின் டெல்லிக் கோடைதான் பிரம்புக்கு எதிரி. மே, ஜூன் அனல் காற்றில் காய்ந்து இழை இழையாக முறியும். மாதம் ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்து, ஈரத்துணியால் அடிப்பக்கத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். மேல்பக்கத் தோல் தண்ணீரை உள்ளே விடாது, அடிப்பக்கம்தான் குடிக்கும். ஒற்றியபின் நிழலில் காயவிட்டு, மறுநாள்தான் உட்கார வேண்டும்.