மறந்துபோன ஏழு மாதாந்தக் கழிவும் ஒரு சோதினைக் கிழமையும்: காசு எங்க போகுதெண்டு பிடிக்கிறது எப்பிடி

தம்பி கிளிநொச்சி அறிவியல் நகர்ல இஞ்சினியரிங் படிக்கிறான். சோதினைக் கிழமை நடுவில மகாபொல புலமைப்பரிசில் காசு எக்கவுண்டுக்கு வந்தது, அடுத்த நாள் காலமை பாத்தா அதில ஒரு பங்கு இல்லை. முதல்ல பாங்க்ல பிழையெண்டுதான் நினைச்சவன். பிறகு தோண்டிப் பாத்தா எப்பவோ போட்டு மறந்துபோன ஏழு விசயம் மாசாமாசம் வெட்டிக்கொண்டு இருக்கு, எல்லாம் சேர்த்து மாசம் 6,700 ரூபா சொச்சம். அவன் அதை ஒவ்வொண்டா நிப்பாட்டின வழியைத்தான் எழுதுறன், உங்களுக்கும் அப்பிடியே சரிவரும்.

ஏன் காசு வந்த உடனே போச்சுதெண்டா, டெபிட் கார்ட்ல காசு இல்லாட்டி கழிவு ஃபெயில் ஆகும், ஆனா சந்தா உடன சாகாது. அவங்கள் விட்டு விட்டு திரும்பத் திரும்ப ட்ரை பண்ணுவாங்கள். எக்கவுண்ட் காய்ஞ்சு கிடக்கிற வரைக்கும் ஒண்டும் தெரியாது, காசு விழுந்த உடன ரெண்டு மூண்டு சேர்ந்து பிடிக்கும். மாணவர்மார் கன காலம் இதைக் கவனிக்காம இருக்கிறதுக்கு முக்கிய காரணமே இதுதான்.

முதல்ல லிஸ்ட் எடுங்கோ, ஒண்டையும் நிப்பாட்ட வேண்டாம்

பாங்க் ஆப்ல போய் கடைசி மூண்டு மாச ஸ்டேட்மென்ட்டை இறக்குங்கோ. ஒரு மாசம் காணாது, ஏனெண்டா ஃபெயில் ஆன மாசத்தில அது ஸ்டேட்மென்ட்டில வராமலே போகும். தேடேக்க தொகையைப் பாக்காதேங்கோ, பேரையும் திகதியையும் பாருங்கோ. டொலர்ல வெட்டுறது ரூபாவில ஒவ்வொரு மாசமும் வேற வேற தொகையாத்தான் விழும். தம்பிக்கு ஒரு படிப்பு சைட் 9.95 டொலர் வெட்டினது, அது ஒரு மாசம் 3,040, மற்ற மாசம் 3,080 எண்டு வந்ததால ஒரே ஆள்தான் வெட்டுறானெண்டு அவனுக்குப் பிடிபடவே இல்லை. `GOOGLE *` எண்டு தொடங்கிற வரியெல்லாம் கூகிள் ஊடாகப் போனது, நட்சத்திரத்துக்குப் பின்னால ஆப்பின்ர பேரோ கம்பனியின்ர பேரோ இருக்கும்.

கார்ட்ல அவனுக்கு நாலு அம்பிட்டுது: படம் எடிட் பண்ணுற ஆப் ஒண்டு, ஸ்கேனர் ஆப் ஒண்டு, கூகிள் ஸ்டோரேஜ் 100 ஜிபி, அந்தப் படிப்பு சைட். மிச்ச மூண்டும் சிம்ல: கோலர் டியூன், கிரிக்கெட் ஸ்கோர் எஸ்எம்எஸ், தானா ரினியூ ஆகிற டேட்டா பாக்கேஜ். சிம்ல வெட்டுறது பாங்க் ஸ்டேட்மென்ட்டில வராது, ரீலோட் காசிலதான் போகும். 200 ரூபா ரீலோட் போட்டு ஒருத்தருக்கும் கோல் எடுக்காமலே குறைஞ்சா அங்கதான் ஓட்டை.

ஒரு கொப்பித் தாளில ஏழையும் எழுதி, பக்கத்தில அடுத்து வெட்டப்போற திகதியைப் போடுங்கோ. தொகை பெருசோ சின்னனோ, கிட்டின திகதி எதுவோ அதை முதல்ல நிப்பாட்டுங்கோ. சோதினை நேரம் இருக்கிற அரை மணித்தியாலத்தை இந்த வரிசையில செலவழிச்சாத்தான் பிரயோசனம்.

ப்ளே ஸ்டோர்ல

ஆப்பை போன்ல இருந்து அழிச்சா சந்தா நிக்காது, இதை எத்தினை தரம் சொன்னாலும் ஆக்கள் நம்புறேல்லை. தம்பி அந்த ரெண்டு ஆப்பையும் எப்பவோ தூக்கிட்டான், காசு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ப்ளே ஸ்டோரைத் திறந்து மேல மூலையில இருக்கிற உங்கட படத்தை அமத்தி `Payments & subscriptions`, பிறகு `Subscriptions`. அழிச்ச ஆப்பின்ர சந்தாவும் அங்க நிக்கும், `Cancel subscription` அமத்துங்கோ. காசு கட்டின காலம் முடியும் வரைக்கும் பாவிக்கலாம், அதால இண்டைக்கே நிப்பாட்டினா நட்டம் ஒண்டும் இல்லை.

அவனுக்கு அங்க ஒரு ஆப்தான் தெரிஞ்சுது, ஸ்கேனர் ஆப்பைக் காணேல்லை. காரணம் சிம்பிள், அதை கம்பஸ் மெயில் எக்கவுண்ட்டில எடுத்திருக்கிறான். அதே படத்தை அமத்தி மற்ற எக்கவுண்ட்டுக்கு மாறிப் பாத்தா நல்ல பிள்ளை மாதிரி அங்க இருக்கு.

சிம்ல

கஸ்டமர் கெயாருக்கு எடுத்து "என்ர நம்பர்ல என்னென்ன சேவை ஓடுது, ஒண்டொண்டா வாசியுங்கோ" எண்டு கேளுங்கோ. "வெட்டுற எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ" எண்டு மட்டும் சொன்னா கோலர் டியூனை நிப்பாட்டிப்போட்டு எஸ்எம்எஸ்ஸை விட்டிடுவினம். டேட்டா பாக்கேஜை வேறயா கேக்கோணும், அதை அவை சேவையெண்டு கணக்கெடுக்க மாட்டினம், ஓட்டோ ரினியூவல் எண்டு தனிய இருக்கும். முடிஞ்சதெண்டு மெசேஜ் வந்தா ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கோ. அடுத்து வெட்டப்போற திகதிக்கு முதல் நாள் இரவு பாலன்ஸைப் பாத்துக் குறிச்சுப்போட்டு போன்ல டேட்டாவை ஓஃப் பண்ணிப் படுங்கோ, அந்தத் திகதி தாண்டியும் அதே தொகை நிண்டா சரி.

ஸ்டோரேஜை சோதினை முடியும் வரைக்கும் தொடாதேங்கோ

இதில மட்டும் அவசரப்படக் கூடாது. கூகிள் சும்மா தாறது 15 ஜிபி, அது மெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூண்டுக்கும் சேர்த்து. தம்பியிட்ட 31 ஜிபி கிடந்தது. காசு கட்டின காலம் முடிய நீங்க 15க்கு மேல நிண்டா மெயில் வரவும் மாட்டுது, போகவும் மாட்டுது, டிரைவில புதுசா ஒண்டும் ஏத்தேலாது. சோதினைக் கிழமையில லெக்சரர் அனுப்பிற மெயில் திரும்பிப் போனா என்ன செய்யிறது? அவனுக்கு அடுத்த கழிவு 22ஆம் திகதி, சோதினை 16இல முடியுது, அதால சும்மா விட்டான்.

முடிஞ்ச பிறகு `one.google.com/storage` போய் எதில கூட இருக்கெண்டு பாத்தான். முக்கால்வாசி வீடியோ, வற்றாப்பளை பொங்கலுக்குப் போகேக்க எடுத்ததே ஒரு குவியல். அதையெல்லாம் முதல்ல லப்டொப்புக்கு இறக்கி, திறந்து ஓடுதோ எண்டு பாத்த பிறகுதான் அழிச்சவன். ஃபோட்டோஸ் ஆப்ல அழிச்சா பெக்கப் ஆன படம் போன்லயும் சேர்ந்து போகும், அதைத் தெரியாம அழுத ஆக்கள் கனபேர். மெயில்ல `has:attachment larger:10M` எண்டு தேடினா பெரிய ஃபைல் உள்ள மெயில் மட்டும் வரும். கடைசியா ட்ராஷையும் காலி பண்ணோணும், அதுக்குள்ள கிடக்கிறதும் கணக்கில சேரும். 12 ஜிபிக்கு இறங்கின பிறகு 20ஆம் திகதி நிப்பாட்டினான்.

சைட்ல நேரா கார்ட் குடுத்தது

இது ப்ளே ஸ்டோர்லயும் இராது, சிம்லயும் இராது. அந்த சைட்டுக்குள்ள போய்த்தான் நிப்பாட்டோணும். பாஸ்வேர்ட் மறந்திருந்தா மெயில்ல அந்தப் பேரைத் தேடுங்கோ, எந்த மெயில்ல பதிஞ்சதெண்டு முதல் பில்லிலயே தெரியும். நிப்பாட்டேக்க "அரை விலைக்குத் தாறம், ஒரு மாசம் ஒத்தி வைக்கிறம்" எண்டு பக்கம் பக்கமா கேப்பாங்கள், கடைசிப் பக்கம் வரைக்கும் போய் நிப்பாட்டினதெண்டு மெயில் வந்தாத்தான் முடிஞ்சது. கன பேர் பாதியில நிண்டு முடிஞ்சுதெண்டு நினைச்சிடுவினம்.

கார்ட்டை மாத்தினா சரிதானே எண்டு கேக்காதேங்கோ. சில கார்ட்டுக்கு புது நம்பர் தானாவே கம்பனிக்குப் போகிற முறை இருக்கு. பாங்க் ஆப்ல ஒன்லைன் பேமென்டை ஓஃப் பண்ணலாம், நல்ல பூட்டுத்தான், ஆனா சந்தா அங்க உயிரோடதான் இருக்கும், ஓன் பண்ணின அண்டைக்கு வந்து நிக்கும்.

அடுத்த மாச ஸ்டேட்மென்ட்டைக் கட்டாயம் பாருங்கோ. தம்பிக்கு ஆறு நிண்டுபோச்சு, படிப்பு சைட் மட்டும் இன்னொருக்கா வெட்டிச்சுது. நிப்பாட்டின மெயிலையும் ஸ்டேட்மென்ட் வரியையும் சேர்த்து அவங்கட சப்போர்ட்டுக்கு அனுப்பினான், மறுத்தா அதே ரெண்டையும் கொண்டு பாங்க்ல டிஸ்பியூட் போடுறதெண்டு இருந்தவன். போட வேண்டி வரேல்லை, 9.95 டொலரும் திரும்பி வந்தது, ரேட் மாறினதால ரூபாவில கொஞ்சம் குறைவா.