கோழிகள் முட்டையை ஏன் உடைத்தன? அரசியல் உருவகக் கதையைப் படிக்கும் முறை

ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1945இல் வெளிவந்த 'விலங்குப் பண்ணை' நாவலில் விலங்குகள் பண்ணையாரை விரட்டிவிட்டுத் தாங்களே பண்ணையை நடத்துகின்றன, போகப் போகப் பன்றிகள் புதிய எஜமானர்களாகின்றன. ரஷ்யப் புரட்சியையும் அதன் பிறகு நடந்ததையும் உருவகமாகச் சொல்லும் கதை இது. இதைப் படிக்க உட்காரும்போதே பலர் கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொள்கிறார்கள். நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின், அவனோடு மோதி விரட்டப்படும் ஸ்னோபால் என்ற பன்றி ஸ்டாலினின் எதிரியான ட்ராட்ஸ்கி, விரட்டப்பட்ட பண்ணையார் ஜோன்ஸ் ரஷ்யப் பேரரசர் என்று அது போகும். பட்டியல் சரிதான். ஆனால் அது தனித்தனி ஆட்களோடு நின்றுவிடுகிறது. இந்தக் கதையில் பெரிய அநியாயங்கள் நடப்பதெல்லாம் கூட்டங்களுக்கு: கோழிகளுக்கு, ஆடுகளுக்கு, குதிரைகளுக்கு. ஒரு கூட்டம் எந்தச் சமூகப் பிரிவைக் குறிக்கிறது என்று நாமே எப்படிக் கண்டுபிடிப்பது? ஏழாம் அத்தியாயத்தில் வரும் கோழிகளை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

படி 1: வரலாற்றை மூடி வைத்துவிட்டு, கதையை மட்டும் படியுங்கள்

முதல் வாசிப்பில் ரஷ்யாவை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று கேள்விகள் போதும். இவர்கள் உண்டாக்கும் பொருள் என்ன? அதை எடுத்துக்கொள்வது யார்? மறுத்தால் என்ன நடக்கிறது?

கோழிகளின் கதை இது. கடும் குளிர்காலம், பண்ணையில் தீனி இல்லை. வாரத்துக்கு 400 முட்டை வெளியே விற்க நெப்போலியன் ஒப்பந்தம் போட்டுவிட்டதாக ஸ்குவீலர் என்ற பன்றி வந்து அறிவிக்கிறது. வசந்தகாலத்தில் அடைகாக்கத் தயாராகிக்கொண்டிருந்த கோழிகள், இப்போது முட்டையை எடுப்பது கொலை என்கின்றன. யாரும் கேட்கவில்லை. உடனே அவை உத்தரங்களில் ஏறி அங்கேயே முட்டையிடுகின்றன. முட்டைகள் கீழே விழுந்து உடைகின்றன. நெப்போலியன் கோழிகளுக்குத் தீனியை நிறுத்துகிறான். கோழிக்கு ஒரு தானிய மணி கொடுத்தாலும் மரண தண்டனை என்று உத்தரவு வருகிறது, நாய்கள் காவல் நிற்கின்றன. ஐந்து நாள் தாங்கிவிட்டுக் கோழிகள் பணிகின்றன. அதற்குள் ஒன்பது கோழிகள் செத்துப்போகின்றன. நோயில் செத்ததாகச் சொல்லிப் புதைத்துவிடுகிறார்கள்.

கவனியுங்கள், இதில் கோழியின் குணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோழி பயந்த பிராணி, அதனால் கோழைகளைக் குறிக்கிறது என்று எழுதினால் வழி தவறிவிடும். இந்தக் கோழிகள்தான் ஜோன்ஸ் போனபிறகு முதன்முதலில் எதிர்த்து நின்றவை. எனவே விலங்கின் இயல்பைவிட, அதன் வேலையையும் அதற்கு நேர்ந்ததையும் பாருங்கள்.

படி 2: இப்போது வரலாற்றில் அதே வடிவத்தைத் தேடுங்கள்

உங்கள் குறிப்பில் இருப்பது இதுதான்: விளைபொருளை அரசு கேட்கிறது; உற்பத்தி செய்தவர்கள் கொடுப்பதற்குப் பதில் அழிக்கிறார்கள்; உணவு நிறுத்தப்படுகிறது; சாவு மறைக்கப்படுகிறது. இந்த நான்கும் இதே வரிசையில் சோவியத் விவசாயிகளுக்கு நடந்தன.

1929 முதல் விவசாயிகளின் நிலமும் மாடும் கூட்டுப்பண்ணைகளுக்குள் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டன. ஒப்படைக்க மனமில்லாத விவசாயிகள் தங்கள் கால்நடைகளைத் தாங்களே வெட்டினார்கள். சில ஆண்டுகளில் நாட்டின் மாடுகளும் குதிரைகளும் ஏறக்குறையப் பாதியாகிவிட்டன. உடைந்த முட்டைகள் இவைதான். 1932 ஆகஸ்ட் 7 அன்று வந்த சட்டம், கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனைவரை விதிக்கலாம் என்றது. வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்கள்கூட அதில் சிக்கினார்கள். 'ஒரு தானிய மணி' என்ற உத்தரவைப் படிக்கும்போது இந்தச் சட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1932-33இல் உக்ரைனிலும் மற்றப் பகுதிகளிலும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பஞ்சம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று அரசு சாதித்தது. ஆகவே கோழிகள் இந்த விவசாயிகள்.

கோழிகள் வருவதற்குச் சற்று முன்னால் உள்ள ஒரு காட்சியையும் சேர்த்துப் படியுங்கள். காலித் தொட்டிகளில் மணலை நிரப்பி, மேலே மட்டும் தானியத்தைத் தூவி, வெளியாளான விம்ப்பருக்குக் காட்டுகிறார்கள். அவரும் பண்ணையில் உணவுத் தட்டுப்பாடு இல்லை என்று வெளியே போய்ச் சொல்கிறார். அந்தப் பஞ்ச ஆண்டுகளில் மாஸ்கோவில் இருந்த சில வெளிநாட்டுச் செய்தியாளர்களும் பட்டினிச் சாவுகள் இல்லை என்றே எழுதி அனுப்பினார்கள்.

படி 3: எங்கே பொருந்தவில்லை என்று பாருங்கள்

பலர் இந்தப் படியைச் செய்வதில்லை. எனக்கு இதுதான் மிக முக்கியம்.

கதையில் முட்டையை விற்பது தானியம் வாங்க. வரலாற்றில் நடந்தது நேர்மாறு: தானியத்தை வெளிநாட்டுக்கு விற்றுத் தொழிற்சாலைக்கு இயந்திரம் வாங்கினார்கள். ஊரில் பசி இருக்கும்போதே ஏற்றுமதி நடந்தது. கதையின் நெப்போலியனுக்குப் பண்ணையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்ல ஒரு சாக்காவது இருக்கிறது. அப்புறம், கதையில் சாவது ஒன்பது கோழிகள். அந்த எண்ணிக்கையில் பஞ்சத்தின் அளவு தெரியாது. அதை வரலாற்றுப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

இன்னொரு வகைப் பொருந்தாமையும் உண்டு. மனிதர் ஆளாத பண்ணை என்ற கனவைச் சொல்லிவிட்டுப் புரட்சிக்கு முன்பே இறந்துபோகும் கிழட்டுப் பன்றி மேஜர் யார்? 1883இல் இறந்த கார்ல் மார்க்ஸ் என்றால் பொருந்துகிறது. ஆனால் மேஜரின் மண்டையோட்டைத் தோண்டியெடுத்துக் கம்பத்தில் வைத்து, விலங்குகளை அதன் முன்னால் மரியாதையாக நடக்க வைக்கிறார்கள். உடலைப் பதப்படுத்தி மாஸ்கோவில் வைத்தது லெனினுக்கு. ஆக, ஒரே விலங்கு இரண்டு பேரைச் சுமக்கிறது. விடைத்தாளில் 'மேஜர் = மார்க்ஸ்' என்று மட்டும் எழுதினால் மண்டையோட்டுக் காட்சியை விளக்க முடியாமல் போகும்.

உங்கள் ஊகம் சரியா என்று சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. அந்தக் கூட்டம் வரும் இன்னொரு காட்சியில் அதே பொருளைப் போட்டுப் பாருங்கள். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய மூன்று கோழிகள் பிறகு எல்லார் முன்னிலையிலும் வருகின்றன. ஸ்னோபால் கனவில் வந்து தூண்டியதாக ஒப்புக்கொள்கின்றன, அங்கேயே கொல்லப்படுகின்றன. இங்கே 'விவசாயி' என்ற பொருள் பின்னால் போய்விடுகிறது. 1936-38 மாஸ்கோ விசாரணைகளில் செய்யாத குற்றங்களை ஒப்புக்கொண்ட பழைய கட்சிக்காரர்கள்தான் முன்னால் வருகிறார்கள். ஒரே கோழிகள், இரண்டு காட்சிகள், இரண்டு பிரிவுகள். இதனால் உங்கள் முதல் ஊகம் தவறாகிவிடாது. எந்தக் காட்சிக்கு எந்தப் பொருள் என்று பிரித்து எழுதுங்கள்.

படி 4: ஆளையும் கூட்டத்தையும் பிரித்துப் பாருங்கள்

இதே முறையைப் பன்றிகளிடம் நீங்களே செய்து பாருங்கள். தொடங்க வேண்டிய இடம் பாலும் ஆப்பிளும். புரட்சி நடந்த மறுநாளே கறந்த பால் காணாமல் போகிறது. அடுத்த அத்தியாயத்தில் உதிர்ந்த ஆப்பிள்களும் பன்றிகளுக்கு மட்டும் என்று முடிவாகிறது. கதையின் திருப்புமுனை இந்த இடம்தான் என்று ஆர்வெல் 1946இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1921இல் ரஷ்யாவின் கிரான்ஸ்டட் துறைமுகத்தில் கடற்படையினர் எதிர்த்து எழுந்ததையும், புரட்சி அரசே அவர்களை அடக்கியதையும் அங்கே அவர் நினைத்திருந்தார்.

முன்னே சொன்ன மூன்று கேள்விகளையும் இங்கே கேளுங்கள். பன்றிகள் பொருள் எதையும் உண்டாக்குவதில்லை, மேற்பார்வைதான் செய்கின்றன. எடுத்துக்கொள்வது அவையே. நெப்போலியன் மட்டும் கெட்டவன், ஸ்னோபால் நல்லவன் என்று படித்தவர்கள் அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். ஆப்பிள் விஷயத்தில் எல்லாப் பன்றிகளும் ஒரே கருத்தாக இருந்தன, எப்போதும் சண்டை போடும் ஸ்னோபாலும் நெப்போலியனும் உட்பட.