கீம்சா சாயம்: முதலில் பஃபரின் pH பாருங்கள்

மலேரியா ஸ்லைடுக்கு கீம்சாவைக் கலக்கும் பஃபரின் pH 7.2 இருக்க வேண்டும். கலப்பதற்கு முன் மீட்டரில் பார்த்துவிடுங்கள். 6.8க்கு இறங்கினாலே வைவாக்ஸைக் காட்டிக்கொடுக்கும் ஷஃப்னர் புள்ளிகள் சரியாகத் தெரியாது. ஒட்டுண்ணி கண்ணில் பட்டாலும் இனம் மாறிப்போகும். அமிலம் இன்னும் கூடினால் சிவப்பணுக்கள் பளிச்சென்று இளஞ்சிவப்பாகிவிடும், ஒட்டுண்ணியின் குரோமாட்டின் வெளிறிவிடும். சிறிய வளைய வடிவங்கள் அப்படித்தான் தப்பிவிடுகின்றன.

சாயம் சரியா என்று அறிய, முதலில் வெள்ளையணுவைத் தேடுங்கள். அதன் உட்கரு அடர் ஊதாவாக இல்லையென்றால் அந்த ஸ்லைடில் 'நெகட்டிவ்' எழுதாதீர்கள். 3% கரைசலைப் புதிதாகக் கலந்து, இன்னொரு ஸ்லைடை 45 நிமிடம் ஊறவிட்டுப் பாருங்கள். நேற்று கலந்து மீந்த கரைசல் வேண்டவே வேண்டாம். அதன் படிவுகள் ஒட்டுண்ணி போலவே ஏமாற்றும்.