செயலியில் ஒரு தொகை, இன்வாய்ஸில் இன்னொரு தொகை

ஈசூனில் இருக்கும் அக்கா போன வாரம் செயலியில் மளிகைச் சாமான் வாங்கினார். ஆர்டர் போட்டபோது திரையில் 69.76 வெள்ளி. சாமான் வந்த பிறகு மின்னஞ்சலில் வந்த இன்வாய்ஸில் 58.86 வெள்ளி. வங்கிச் செயலியிலோ இன்னும் 69.76. "பதினோரு வெள்ளி எங்கே போச்சு?" என்று போன் செய்தார்.

முதல் தவறு, ஆர்டர் தொகையை இறுதித் தொகை என்று நினைப்பது. அக்கா கேட்ட 10.90 வெள்ளி மீன் கையிருப்பில் இல்லை. அதை நீக்கிவிட்டு இன்வாய்ஸ் போட்டிருக்கிறார்கள். 69.76-இல் 10.90 போனால் சரியாக 58.86. வங்கியில் தெரியும் 69.76, அட்டையில் தற்காலிகமாகப் பிடித்து வைத்த தொகை. Pending என்று இருக்கும்வரை அது முடிவான கழிப்பு அல்ல. அது விடுபடச் சில நாள் ஆகலாம், டெபிட் அட்டையென்றால் அதுவரை அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்க முடியாது. அதனால் இன்வாய்ஸை, வங்கியில் கடைசியாகப் பதிவாகும் தொகையோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் வரி. பலரும் தடுமாறுவது இங்கேதான். இன்வாய்ஸில் Subtotal 54.00, GST 9% 4.86, Total 58.86 என்று இருந்தது. செயலியில் காட்டும் விலையில் பொருள் சேவை வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. இன்வாய்ஸ் அதைப் பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அக்கா 58.86-க்கு 9 விழுக்காடு போட்டுப் பார்த்து 5.30 வருகிறதே, கடைக்காரர் கணக்கு தப்பு என்றார். வரி அடங்கிய தொகையிலிருந்து வரியைப் பிரிக்க 109-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்க வேண்டும்:

```
58.86 ÷ 109 × 9 = 4.86
```

இந்தத் தொகையில் 4.36 வெள்ளி டெலிவரிக் கட்டணமும் உண்டு, அதற்கும் வரி உண்டு. 5.45 வெள்ளி கடைத் தள்ளுபடியைக் கழித்த பிறகே வரி கணக்கிடப்பட்டிருக்கிறது. மீன் போனதால் வரியும் 5.76-இலிருந்து 4.86-க்கு இறங்கியது. வரி குறையாமல் பழையபடியே இருந்தால்தான் கடையிடம் கேட்க வேண்டும். ஓரிரு காசு வித்தியாசம் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக முழுமையாக்கியதால் வருவது, அதை விட்டுவிடலாம்.

சாப்பாட்டுக் கடைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்கள் ++ என்று போட்டு, வரி சேராத விலையைக் காட்டலாம். 20 வெள்ளி உணவுக்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 22, அந்த 22-க்குத்தான் 9 விழுக்காடு வரி. ஆக 23.98. இரண்டையும் கூட்டி 19 விழுக்காடு என்று போட்டால் 23.80 வரும், உணவக ரசீதோடு ஒத்துப்போகாது.

கடைசியாக, இன்வாய்ஸில் கடையின் GST பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவு செய்யாத கடை வரி என்று ஒரு காசும் வாங்கக் கூடாது.