உப்பளம் மேல விழுந்த வெள்ளைச் சட்டை

தூத்துக்குடியில இருந்து சென்னை போற ஏடிஆர் ஃப்ளைட்டுக்கு ரெக்கை மேலதான இருக்கு, கீழ உப்பளம் பாத்தி பாத்தியா தெரியும்னு ஜன்னல் வழியா ஆசையா படம் எடுத்தேன், வீட்ல வந்து பாத்தா பாதி படத்துல ஜன்னல்ல பிரதிபலிச்ச என் வெள்ளைச் சட்டைதான் தெரியுது. கண்கூச்சத்தைக் குறைக்க லென்ஸ்ல மாட்டுற போலரைசர் ஃபில்டர் போட்டதுல ஜன்னல் பிளாஸ்டிக் முழுக்க வானவில் கணக்கா கலர் திட்டு வேற.

அடுத்த தடவை போலரைசரைக் கழட்டிட்டு, மைனியோட கருப்பு துப்பட்டாவை லென்ஸைச் சுத்திப் போட்டு ஓரத்தை ஜன்னலோட சேத்துப் புடிச்சேன், உள்ள இருந்து வெளிச்சம் வர வழியே இல்ல, சட்டை காணாமப் போச்சு. லென்ஸ் முனையில மாட்டுற ரப்பர் ஹூடும் இதைச் செய்யும், ஆனா அழுத்தி வச்சா ப்ரொப்பல்லர் அதிர்வு கேமராவுல ஏறி படம் ஆடிரும், அதனால லென்ஸை விரல்கடை தள்ளியே வச்சு ஷட்டர் 1/1000 செகண்டு போட்டேன்.

வெயில் நேரா அடிக்கிற பக்கம் உக்காந்தா மட்டும் ஜன்னல் கீறலு பளபளன்னு தெரியுது, அதுக்கு துப்பட்டா ஒண்ணும் செய்யாது, எதிர்ப்பக்க சீட்டுதான்.